எட்டாயிரம் பவுண்டும் போய்ச் சேர்ந்ததா?

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வங்கிக்குப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது கமிஷன் எவ்வளவு என்றுதான். ஐந்நூறு, ஆயிரம் என்று பதில் வரும். பெரிய தொகை இல்லையே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கமிஷனைப்போல் இருபது மடங்கு பணம் இன்னொரு வழியில் போய்விடுகிறது. அதற்கு ரசீதில் தனி வரி கிடையாது. ஒரு பவுண்டுக்கு இத்தனை ரூபாய் என்று போட்டிருக்கும் ரேட்டுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது.

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு விஷயத்தைக் குடும்பங்கள் கவனித்தால் போதும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. வயலையோ நகையையோ அடமானம் வைத்துத் திரட்டிய பணம் அது. அதில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் தெரியாமலே கழிவது எனக்கு ஆறாத விஷயம். அதைவிட மோசம், பணம் போன பிறகும் ஃபீஸ் வரவில்லை என்று பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்புவது. இரண்டையும் தடுக்கலாம்.

எளிதாகப் புரிய ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். நாமக்கல்லைச் சேர்ந்த செல்வராஜின் மகள் கவிநிலாவுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. முதல் தவணை 8,000 பவுண்டு. 2025 ஜூலை கடைசிக்குள் கட்ட வேண்டும். பெயர்களும் தொகைகளும் கணக்குக்காக நான் வைத்தவை. ரேட்டுகள் அந்தச் சமயத்தில் சந்தையில் ஓடிய விலையை ஒட்டியவை.

ரேட்டை எப்படிப் பார்ப்பது

இந்திய வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்பது பெரும்பாலும் டாலரைத்தான். பவுண்டு ரேட் இரண்டு விலைகளைப் பெருக்கி வருவது: ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய், ஒரு பவுண்டுக்கு எத்தனை டாலர். இரண்டில் எது அசைந்தாலும் பவுண்டு அசையும். அதனால்தான் காலையில் ஒரு விலையும் பிற்பகலில் ஒரு விலையும் இருக்கிறது. கிளைகள் நாள் முழுக்க இந்த அசைவின் பின்னால் ஓட முடியாது. எனவே வங்கியின் தலைமையிடம் தினமும் காலையில் ஒரு பட்டியல் அனுப்புகிறது. இதைத்தான் கார்டு ரேட் என்கிறார்கள். அதில் ஒவ்வொரு கரன்சிக்கும் நாலைந்து விலை இருக்கும். ஃபீஸ் அனுப்புகிறவர் பார்க்க வேண்டியது டி.டி. செல்லிங் என்ற பத்தியை. அதாவது தந்தி மாற்றாக வங்கி நமக்கு விற்கும் விலை. நோட்டாக வாங்கும் விலை அதைவிடக் கூடுதல். அதைப் போட்டுவிட்டார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்க ஏற்ற இறக்கம் வந்தாலும் வங்கிக்குக் கைநஷ்டம் வரக்கூடாது என்பதால் கார்டு ரேட்டில் இடைவெளி தாராளமாகவே விட்டிருப்பார்கள். சிறிய தொகைக்கு அது பெரிதாகத் தெரியாது. எட்டாயிரம் பவுண்டுக்குத் தெரியும்.

அந்த இடைவெளி எவ்வளவு என்று அறிய நம் கையில் ஓர் அளவுகோல் வேண்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது. எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கு ரூபாய் மதிப்பை வெளியிடுகிறது. முன்பு ரிசர்வ் வங்கியே செய்துவந்த வேலை இது. 2018 ஜூலையில் கைமாறியது. முற்பகல் 11.30 முதல் 12.30 வரை நடந்த வியாபாரத்தை வைத்துக் கணக்கிட்டு, பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் போடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும் பார்க்கலாம். இந்த விலைக்கு யாரும் நமக்குப் பவுண்டு தரமாட்டார்கள். ஆனால் நமக்குச் சொல்லப்படும் ரேட் இதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல கோல் கிடையாது. கூகுளில் வரும் விலையும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும். வங்கி ரேட் சொல்லும் அதே நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செல்வராஜ் போன அன்று சந்தை விலை 116 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் பேச்சு இப்படிப் போகும்:

"பவுண்டு ரேட் எவ்வளவுங்க சார்?"

"கார்டு ரேட் 119 சார். கமிஷன், ஸ்விஃப்ட் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்தான்."

"மார்க்கெட்ல 116 ஓடுதுங்களே. எட்டாயிரம் பவுண்டு அனுப்பறேன். ட்ரெஷரியில கேட்டு ஸ்பெஷல் ரேட் வாங்கித் தர முடியுங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ட்ரெஷரி என்பது வங்கியின் தலைமையிடத்தில் கரன்சி வாங்கி விற்கும் பிரிவு. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் கிளை அவர்களிடம் கேட்டு அந்த நிமிடத்து விலையை வாங்க முடியும். எந்தத் தொகைக்கு மேல் என்பது வங்கிக்கு வங்கி மாறும். கிளை அதிகாரி தானாக அதைச் சொல்லாமல் இருக்கலாம். அவருக்கு அது கூடுதல் வேலை. கேட்டால் பெரும்பாலும் செய்வார். செல்வராஜுக்கு அப்படிக் கேட்டதில் 116 ரூபாய் 90 பைசா கிடைக்கிறது. ஆனால் கமிஷன் ஆயிரத்து ஐந்நூறு, வெளிநாட்டு வங்கிக் கட்டணம் இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு என்கிறார்கள். ஆயிரம் எங்கே, மூவாயிரம் எங்கே என்று மனம் தயங்கும் இடம் இதுதான்.

இன்னொன்றையும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்: இந்த ரேட் எப்போது பிடிக்கப்படும்? சிறிய ஊர்க் கிளைகளில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வசதி பெரும்பாலும் இருக்காது. அவர்கள் காகிதங்களைக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள தங்கள் ஃபாரெக்ஸ் கிளைக்கு அனுப்புவார்கள். அங்கே எடுத்துப் போடும் நேரத்தில் என்ன விலையோ அதுதான் நம் ரேட். இன்று காலை கேட்ட விலை நாளை மதியம் இருக்காது. காகிதம் எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகு, போனில் கூப்பிட்டு ரேட்டைச் சொல்லி, நான் சரி என்ற பிறகு பிடியுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. அந்த நேரத்தையும் விலையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வகுத்தல்

கமிஷன், ரேட், ஜி.எஸ்.டி., வெளிநாட்டுக் கட்டணம் என்று நாலு பக்கம் சிதறிக் கிடப்பதை ஒப்பிட ஒரே வழிதான் உண்டு. நம் கணக்கிலிருந்து போன மொத்த ரூபாயை, பல்கலைக்கழகத்தின் கணக்கில் விழுந்த மொத்தப் பவுண்டால் வகுக்க வேண்டும். வரும் எண்தான் நாம் உண்மையில் கொடுத்த ரேட்.

முதல் வழியைப் போடுவோம். 8,000 பவுண்டை 119 ரூபாயால் பெருக்கினால் 9,52,000. கமிஷன் 1,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 180. இதுபோக கரன்சி மாற்றியதற்கென்று தனியாக ஒரு ஜி.எஸ்.டி. உண்டு. அது முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள தொகைக்கு, முதல் லட்சத்துக்கு 1,000 ரூபாயும் மீதிக்கு அரை சதவீதமும் சேவையின் மதிப்பு என்று எடுத்து, அந்த மதிப்புக்கு மட்டும் 18 சதவீதம். செல்வராஜுக்கு மதிப்பு 5,260 ரூபாய், வரி 947 ரூபாய். ஆக மொத்தம் கணக்கிலிருந்து போவது 9,54,127 ரூபாய்.

இந்த வழியில் வெளிநாட்டுக் கட்டணத்தை வங்கி முன்கூட்டி வாங்கவில்லை. அதனால் வழியில் உள்ள வங்கி 15 பவுண்டைத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். போய்ச் சேர்வது 7,985 பவுண்டு. வகுத்தால் 119 ரூபாய் 49 பைசா.

இரண்டாவது வழி. 116.90 வீதம் 9,35,200 ரூபாய். கட்டணங்கள் 3,000, அதற்கு ஜி.எஸ்.டி. 540, கரன்சி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. 932. மொத்தம் 9,39,672. முழு 8,000 பவுண்டும் போய்ச் சேர்கிறது. வகுத்தால் 117 ரூபாய் 46 பைசா.

கமிஷன் மூன்று மடங்காகத் தெரிந்த வழியில் 14,455 ரூபாய் குறைவாகப் போயிருக்கிறது. அந்த 15 பவுண்டையும் சேர்த்தால் வித்தியாசம் பதினாறாயிரத்தைத் தாண்டும். சந்தை விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் 9,28,000 ரூபாய் ஆகியிருக்க வேண்டிய காரியத்துக்கு, முதல் வழியில் 26 ஆயிரம் கூடுதலாகவும் இரண்டாவதில் 12 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் போகிறது.

பல்கலைக்கழகங்கள் பல இப்போது ஃப்ளைவயர், கன்வெரா போன்ற கட்டணச் சேவைகளோடு ஏற்பாடு வைத்திருக்கின்றன. மாணவர் தளத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால், இத்தனை ரூபாய் கட்டுங்கள் என்று ஒரு தொகையைக் காட்டும். அதற்குக் கெடுவும் இருக்கும். அதற்குள் கட்டாவிட்டால் ரேட் மாறும். மாணவர் எண்ணோடு பணம் நேராகப் பொருந்திவிடுவதும் தொகை குறையாமல் சேர்வதும் இவற்றின் பெரிய வசதி. கட்டணம் இல்லை என்று போட்டிருந்தாலும் அவர்களுடைய லாபம் ரேட்டில் இருக்கும். அங்கேயும் அதே வகுத்தல்தான்: காட்டும் ரூபாயைப் பவுண்டால் வகுத்து, வங்கி சொன்னதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நாள் அது மலிவாக இருக்கும், சில நாள் வங்கி மலிவாக இருக்கும். முன்கூட்டியே இதுதான் நல்லது என்று சொல்ல முடியாது.

இந்த வகுத்தலில் சேர்க்கக் கூடாத ஒன்று டி.சி.எஸ். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் தொகை அது. அனுப்பியவரின் பான் எண்ணில் வரவாக நிற்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பப் பெறலாம். ஆகவே அது செலவில் சேராது. ஆனால் சில மாதம் கையில் இருக்காத பணம் என்பதால் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். 2025-26 நிதியாண்டில் விதி இப்படி: ஒருவர் ஓராண்டில் அனுப்பும் மொத்தம் பத்து லட்சம் ரூபாய் வரை எதுவும் இல்லை. அதற்கு மேல் சொந்தப் பணத்தில் கட்டும் படிப்புச் செலவுக்கு 5 சதவீதம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போனால் கிடையாது. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்த 5 சதவீதத்தை 2 ஆகக் குறைத்து அறிவித்தார்கள்.

செல்வராஜின் முதல் தவணை 9,35,200 ரூபாய், டி.சி.எஸ். இல்லை. ஜனவரியில் அதே அளவு இரண்டாம் தவணை அனுப்பினால் மொத்தம் 18,70,400 ஆகும். பத்து லட்சத்தைத் தாண்டிய 8,70,400 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 43,520 ரூபாய் அன்றைக்குக் கூடுதலாகக் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் போகாமல் நிற்கும். வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனி. இரண்டாம் தவணையை அம்மா தன் சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அவருடைய பத்து லட்சம் புதிதாகத் தொடங்கும்.

ஏ2 படிவத்தில் எழுதும் நோக்கக் குறியீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிப்புக் கட்டணம், விடுதிச் செலவு இவற்றுக்கு S0305. கிளையில் அவசரத்தில் குடும்பப் பராமரிப்புக்கான S1301 என்று போட்டுவிட்டால், பத்து லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் பிடிப்பார்கள். எட்டே முக்கால் லட்சத்துக்கு அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். திரும்பக் கிடைக்கும் பணம்தான். ஆனால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். படிவத்தில் அந்த ஐந்து எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

யாருடைய பணம் என்று எப்படித் தெரியும்?

ஆயிரக்கணக்கான மாணவர்களின் ஃபீஸ் பல்கலைக்கழகத்தின் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அதை உட்கார்ந்து பிரிக்கும் ஊழியர் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயரும் ஒரு சிறு குறிப்பும்தான். நம் பெயர் முறையே இங்கே தடையாகிறது. மாணவி எஸ். கவிநிலா. பணம் வந்திருப்பது பி. செல்வராஜ் பெயரில். பொதுவான குடும்பப் பெயர் எதுவும் இல்லை. நமக்கு ‘எஸ்’ என்றால் செல்வராஜ் என்று தெரியும். இங்கிலாந்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? குறிப்பில் வெறும் ‘கல்விக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தால், பொருந்தாத தொகைகளோடு அதுவும் ஓரமாகப் போய்விடும்.

ஸ்விஃப்ட் செய்தியில் இந்தக் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு, 70 என்ற எண்ணில். நாலு வரி, வரிக்கு 35 எழுத்து. முதல் வரியில் மாணவர் எண்ணும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாணவர் பெயரும் வர வேண்டும். விண்ணப்பத்தில் நாம் எழுதிக் கொடுத்தாலும் தட்டச்சு செய்பவர் சுருக்கிவிடலாம். எனவே அனுப்பிய அன்றே ஸ்விஃப்ட் காப்பி வாங்கிப் பார்ப்பதுதான் வழி. அது MT103 என்ற வடிவில் இருந்தது; 2025 நவம்பருக்குப் பிறகு வங்கிகளுக்கிடையே pacs.008 என்ற புதிய வடிவம் வந்துவிட்டது. காகிதத்தின் தோற்றம் மாறினாலும் அதில் பார்க்க வேண்டியவை மாறவில்லை. பழைய வடிவில் நாம் பார்க்க வேண்டிய வரிகள் இப்படி இருக்கும்:

```
:32A:250730GBP8000,00
:50K:SELVARAJ P
:70:STUDENT ID 4417026 KAVINILA S
TUITION FEE 1ST INSTALMENT
:71A:OUR
```

முதல் வரியில் தேதி, கரன்சி, தொகை. GBP என்றே இருக்க வேண்டும். சில இடங்களில் பழக்கத்தில் டாலராக மாற்றி அனுப்பிவிடுவார்கள். அங்கே போய் மறுபடி பவுண்டாக மாறும்போது இன்னொரு வங்கியின் ரேட்டில் பணம் குறையும். கடைசி வரியில் உள்ள OUR என்றால் வழிக்கட்டணம் எல்லாம் அனுப்புகிறவர் பொறுப்பு. SHA என்று இருந்தால் வழியில் கழித்துக்கொள்வார்கள். புதிய வடிவில் இவை DEBT, SHAR என்று இருக்கும். ஃபீஸுக்கு எப்போதும் முதலாவதையே கேளுங்கள். பதினைந்து பவுண்டு குறைந்தால் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மாணவி பாக்கிக்காரராகத்தான் நிற்பார். அந்தப் பதினைந்து பவுண்டைத் தனியாக அனுப்ப மறுபடி கமிஷன், மறுபடி படிவம். பிள்ளை அங்கே போய்விட்டிருந்தால் தன் கார்டில் கட்டிவிடலாம்; விசாவுக்கு முந்தைய டெபாசிட் என்றால் அதற்கும் வழியில்லை.

வாங்கும் பக்கத்துக் கணக்கு எண்ணையும் அந்தக் காப்பியில் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இங்கிலாந்தின் ஐபேன் எண்ணில் 22 எழுத்துகள்: GB, இரண்டு சோதனை இலக்கங்கள், வங்கியைக் குறிக்கும் நாலு எழுத்து, ஆறு இலக்கக் கிளை எண், எட்டு இலக்கக் கணக்கு எண். பல்கலைக்கழகத்தின் பில்லில் கிளை எண்ணும் கணக்கு எண்ணும் தனியாகவும் கொடுத்திருப்பார்கள். ஐபேனின் கடைசிப் பதினாலு இலக்கங்களும் அந்த இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், தட்டச்சுப் பிழை தப்பாது.

போனதும் சேர்ந்ததும்

கணக்கிலிருந்து பணம் எடுத்ததாக எஸ்.எம்.எஸ். வந்தவுடன் ஃபீஸ் கட்டியாயிற்று என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது காட்டுவது ரூபாய் நம்மிடமிருந்து போனதை மட்டும். ஸ்விஃப்ட் காப்பி காட்டுவது நம் வங்கி உத்தரவு அனுப்பியதை மட்டும். அது அங்கே போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது.

சேர்ந்ததா என்று பார்க்க ஒவ்வொரு செய்திக்கும் UETR என்று ஒரு நீண்ட எண் இருக்கிறது. எண்ணும் எழுத்துமாக, இடையில் கோடுகளோடு 36 இடங்கள். இதை வைத்து வங்கியின் திரையில் பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது, யார் எவ்வளவு கழித்தார்கள் என்று பார்க்க முடியும். ACCC என்று காட்டினால் வாங்குபவர் கணக்கில் வரவு வைத்தாயிற்று. ACSP என்றால் இன்னும் வழியில். RJCT என்றால் மறுத்துவிட்டார்கள். கிளையில் "ட்ராக்கர்ல பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டால் போதும். காப்பி வாங்கும்போதே இந்த எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாக எழுதி வாங்குங்கள்.

பெரும்பாலான பணம் ஒரு வேலை நாளுக்குள் அங்கே சேர்ந்துவிடுகிறது. தாமதம் அதற்குப் பிறகுதான், பல்கலைக்கழகத்துக்குள். மாணவர் எண்ணோடு பொருத்திப் பதிவுசெய்ய அவர்களுக்குச் சில வேலை நாள் ஆகும். சேர்க்கை நடக்கும் செப்டம்பரில் இன்னும் கூடும். ஆகஸ்ட் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கெடு தேதிக்குப் பத்து நாள் முன்பே அனுப்பச் சொல்வது இதனால்தான்.

கடைசியில் கையில் இருக்க வேண்டிய அத்தாட்சி, மாணவரின் தளத்தில் தொகை வரவாகி, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் பக்கமும் பல்கலைக்கழகத்தின் ரசீதும்தான். பிள்ளையை உள்ளே போய்ப் பார்த்து அந்தப் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். ரசீதில் 8,000 முழுதாக இருக்கிறதா, 7,985 ஆ என்று பாருங்கள். OUR என்று அனுப்பியும் குறைந்திருந்தால், ட்ராக்கர் விவரத்தோடு நம் வங்கியில் எழுத்தில் கேட்கலாம். முன்கூட்டி வாங்கிய கட்டணத்துக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

ட்ராக்கரில் ACCC, தளத்தில் பாக்கி அப்படியே என்றால், பணம் போய்ச் சேர்ந்து அடையாளம் தெரியாமல் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது பதற்றத்தில் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொடுங்கள் என்று வங்கியில் கேட்டுவிடாதீர்கள். திரும்பி வரும் பவுண்டை வங்கி விற்கும் விலைக்கு எடுக்காது, வாங்கும் விலைக்குத்தான் எடுக்கும். 116.90க்கு வாங்கிய பவுண்டு 113.50க்குத் திரும்பினால் எட்டாயிரத்துக்கு 27,200 ரூபாய் போய்விடும், கட்டணங்கள் தனி. அதற்குப் பதில் பிள்ளையே தன் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து நிதிப் பிரிவுக்கு ஸ்விஃப்ட் காப்பியையும் UETR எண்ணையும் அனுப்பி, அனுப்பியவர் என் அப்பா, பெயர் இது, என் மாணவர் எண் இது என்று எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

RJCT என்று வந்தால் கதை வேறு. கணக்கு எண் தவறு, பெயர் பொருந்தவில்லை என்று காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை வங்கியிடம் எழுத்தில் வாங்கி, தவறு யாருடையது என்று பார்க்க வேண்டும். நாம் சரியாக எழுதிக் கொடுத்து, கிளையில் தவறாகத் தட்டச்சு செய்திருந்தால் ரேட் வித்தியாசத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகல் நம்மிடம் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். வங்கி முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

மலிவு ரேட்டுக்கு நான் கட்டித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளையின் ஃபீஸை நான் அங்கேயிருந்து கார்டில் கட்டிவிடுகிறேன், நீங்கள் இங்கே ரூபாயாகக் குறைத்துக் கொடுங்கள் என்பார்கள். மாணவர் தளத்தில் பாக்கி பூஜ்யம் என்றும் காட்டும். அது திருடப்பட்ட கார்டாக இருந்தால், உரியவர் புகார் செய்த அன்று அந்தப் பணம் திரும்ப எடுக்கப்படும். ஃபீஸ் பாக்கி மறுபடி ஏறும். நாம் கொடுத்த ரூபாய் போனதுதான். இதைப் பற்றிப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கின்றன. பூஜ்யத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது யாருடைய பணத்தால் ஆனது என்பதும் முக்கியம்.

இரண்டாம் தவணையின்போது பலர் முதல் தடவை அனுப்பியதுபோலவே போடுங்கள் என்று வங்கியில் சொல்லிவிடுவார்கள். கணக்கு எண் மாறாதவரை அது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தச் சமயத்தில்தான், எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று பல்கலைக்கழகத்தின் பெயரில் போலி மின்னஞ்சல் வருவதும் உண்டு. அப்படி ஒன்று வந்தால் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாதீர்கள், அதில் உள்ள எண்ணுக்குப் போனும் செய்யாதீர்கள். பிள்ளையை நேரில் நிதிப் பிரிவுக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள், அல்லது மாணவர் தளத்துக்குள் நுழைந்து அங்கே போட்டிருக்கும் ஐபேனை எடுத்து, முதல் தவணையின் ஸ்விஃப்ட் காப்பியில் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.